கேள்வியா, விடையா: சுங்கை சிப்புட்டில் ஒரு சொக்சோ வழிகாட்டியின் துணைத்தலைப்புகள்

மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே உள்ள சுங்கை சிப்புட், ரப்பர்த் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர். இப்போது சுற்றுவட்டாரத்தில் பால்மரத்தைவிடச் செம்பனைதான் கண்ணில் படுகிறது. குலை அறுக்கும்போது அரிவாள் நழுவுவதும், மட்டை தலையில் விழுவதும், முள் குத்திக் கை வீங்குவதும் தோட்டங்களில் வழக்கமாக நடப்பவை. காயம் பட்ட பிறகு வீட்டில் எழும் முதல் கேள்வி மருத்துவத்தைப் பற்றியது. இரண்டாவது, சம்பளம் வராத நாள்களுக்குத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ என்ன தரும் என்பது.

இந்த இரண்டாவது கேள்விக்காக, ஊரில் உள்ள ஒரு சிறு தன்னார்வக் குழு தமிழில் ஒரு வழிகாட்டியை எழுதி இணையத்தில் வைத்திருந்தது. தகவல் சரியானது, மொழியும் எளிது. ஆனாலும் அதைத் திறந்தவர்கள் பாதியிலேயே மூடிவிட்டுக் குழுவினருக்கே தொலைபேசியில் அழைத்தார்கள். பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்ததையே கேட்டார்கள். எதனால் என்று பார்த்துத் தரும்படி என்னிடம் கொடுத்தார்கள். பக்கத்தின் உடலில், அதாவது தலைப்புகளுக்குக் கீழே உள்ள எழுத்தில், பெரிதாக மாற்ற எதுவும் இல்லை. வேலை முழுவதும் துணைத்தலைப்புகளில்தான் இருந்தது.

பன்னிரண்டு துணைத்தலைப்புகளும் கேள்விகள். அவற்றில் சில:

- சொக்சோ என்றால் என்ன?
- சொக்சோ யாருக்குக் கிடைக்கும்?
- சொக்சோவுக்கு எப்போது தெரிவிக்க வேண்டும்?
- சொக்சோ பணம் எவ்வளவு கிடைக்கும்?
- வேலைக்குப் போகும் வழியில் விபத்து நடந்தால் சொக்சோ கிடைக்குமா?
- வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குச் சொக்சோ உண்டா?

ஏன் எல்லாமே கேள்வி என்று கேட்டபோது குழுவினர் இரண்டு காரணம் சொன்னார்கள். மக்கள் கேள்வியாகத்தான் கேட்கிறார்கள், ஆகவே தலைப்பும் கேள்வியாக இருந்தால் நெருக்கமாக இருக்கும் என்பது ஒன்று. கூகுள் கேள்வித் தலைப்பை விரும்புகிறது என்பது மற்றொன்று. முதல் காரணத்தில் பாதி உண்மை இருந்தது. இரண்டாவதில் அதைவிடக் குறைவு.

உடலை மறைத்துவிட்டுப் படித்தால் என்ன மிஞ்சுகிறது?

மேலோட்டமாகப் பார்ப்பவர் பக்கத்தை எப்படிப் பார்க்கிறார் என்பதற்குக் கண்ணசைவு ஆய்வுகள் உண்டு. நீல்சன் நார்மன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 232 பேர் கலந்துகொண்டார்கள். அதில் கண்ட ஓட்டத்துக்கு 'எஃப்' எழுத்தின் வடிவம் என்று பெயர் வைத்தார்கள்: மேலே இரண்டு வரிகளைக் குறுக்காகப் படிக்கும் கண், பிறகு இடது ஓரமாகவே கீழே இறங்கிவிடுகிறது. ஓரத்தில் உள்ள முதல் சில சொற்களுக்குத்தான் பார்வை கிடைக்கிறது. துணைத்தலைப்புகள் நன்றாக அமைந்த பக்கத்தில் வேறொரு ஓட்டமும் உண்டு. கண் உடலைத் தொடாமல் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவி, வேண்டியது கிடைத்த இடத்தில் மட்டும் உள்ளே இறங்கும். நாம் எழுதும் துணைத்தலைப்பு வேலை செய்ய வேண்டியது இந்த இரண்டாவது வாசிப்புக்குத்தான்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பக்கத்தின் நகல் ஒன்றை எடுத்து, உடல் எழுத்தை முழுவதும் நீக்கிவிட்டு, தலைப்புகளை மட்டும் கைப்பேசியில் காட்டலாம். அருகில் இருப்பவரிடம் ஒரு நிலைமையைச் சொல்லி, எந்தத் தலைப்பைத் தொடுவார் என்று பார்த்தால் போதும்.

சந்தைக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில், கணவருக்கு மட்டை விழுந்து தோள் எலும்பு விரிசல் விட்டிருந்த ஓர் அக்காவிடம் அப்படிக் காட்டினோம். கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணனுக்கு டாக்டர் இரண்டு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நாள்களுக்குப் பணம் வருமா என்று பார்க்க வேண்டும். எங்கே தொடுவீர்கள் அக்கா?"

அவர் கட்டைவிரல் கீழே போனது, மேலே வந்தது, மறுபடியும் கீழே போனது. "எல்லாம் சொக்சோ, சொக்சோ என்றே இருக்கிறதே தம்பி. இதில் எது என்னுடையது?" என்றார். கடைசியில் "சொக்சோ யாருக்குக் கிடைக்கும்?" என்பதைத் தொட்டார். வேண்டியது அங்கே இல்லை. இரண்டு தலைப்பு தள்ளி, "சொக்சோ பணம் எவ்வளவு கிடைக்கும்?" என்பதன் கீழே மூன்றாம் பத்தியில் இருந்தது.

அவர் திணறியதற்குக் கேள்விக்குறி காரணம் இல்லை. பெரும்பாலான தலைப்புகள் ஒரே சொல்லில் தொடங்கியதுதான் காரணம். இடது ஓரமாக இறங்கும் கண்ணுக்கு அங்கே 'சொக்சோ' என்ற ஒரே சொல் படிக்கட்டுபோல் அடுக்கியிருந்தது. பக்கத்தின் பெயரே சொக்சோ வழிகாட்டி என்னும்போது, அந்தச் சொல்லை ஒவ்வொரு தலைப்பின் தொடக்கத்திலும் வைப்பது இடத்தை வீணாக்குவது. ஒரு தலைப்பை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் சொல் 'யாருக்கு', 'எப்போது', 'எவ்வளவு' என்று நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. கைப்பேசித் திரையில் தமிழ் எழுத்து அகலமானது. ஐந்து சொல் கொண்ட தலைப்பு இரண்டாம் வரிக்கு மடங்கும்போது, பிரித்துக்காட்டும் சொல் மடிப்பில் சிக்கிக்கொள்கிறது.

ஆங்கில விதியை அப்படியே கொண்டுவர முடியாது

இந்த விஷயத்தில் இரண்டு அரசு வழிகாட்டிகள் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. பிரிட்டன் அரசுத் தளத்தின் எழுத்து விதிகள் கேள்வித் தலைப்பைத் தவிர்க்கச் சொல்கின்றன, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்ற பகுதியே வேண்டாம் என்றும் சொல்கின்றன. அமெரிக்கக் கூட்டரசின் எளிய மொழி வழிகாட்டியோ, வாசகர் கேட்கக்கூடிய கேள்வி தெரிந்திருந்தால் கேள்வித் தலைப்புதான் மிகவும் பயன்படும் என்கிறது. அதற்கு அடுத்து வினைச்சொல்லோடு கூடிய கூற்றுத் தலைப்பு. வெறும் பெயர்ச்சொல்லாக நிற்கும் தலைப்பு கடைசி.

பிரிட்டன் சொல்லும் காரணங்களில் முக்கியமானது, கேள்வித் தலைப்பில் முக்கியச் சொல்லை முன்னால் கொண்டுவர முடியாது என்பது. ஆங்கிலத்தில் அது நியாயம். அங்கே கேள்விச்சொல்லும் துணைவினையும் வாக்கியத்தின் தலையில் நிற்கும், விஷயம் நான்காவது ஐந்தாவது சொல்லாகத்தான் வரும். தமிழில் அந்தக் கட்டாயம் கிடையாது. "மருத்துவ விடுப்பு நாள்களுக்குப் பணம் உண்டா?" என்று எழுதினால் மருத்துவ விடுப்பு முதலில் நிற்கிறது, கேள்வி கடைசி எழுத்தில்தான் பிறக்கிறது. இடது ஓரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது கேள்வியா கூற்றா என்பதே தெரியாது. ஆகவே ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துவிட்டு வந்து "கேள்வித் தலைப்பே தப்பு" என்று தமிழ்ப் பக்கங்களைத் திருத்துபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் திருத்துவது தமிழில் இல்லாத ஒரு நோயை.

தமிழில் உள்ள சிக்கல் மறுமுனையில் இருக்கிறது. நம் வாக்கியத்தில் முடிவு கடைசியில்தான் வரும். கேள்வித் தலைப்பு அந்தக் கடைசி இடத்தைக் 'கிடைக்குமா', 'முடியுமா', 'வேண்டுமா' என்று செலவழித்துவிடுகிறது. தலைப்பை முழுதாகப் படித்த பிறகும் கையில் எதுவும் இல்லை. பன்னிரண்டு கேள்வியையும் படித்து முடித்தவர், பக்கத்தில் என்னென்ன பேசப்படுகிறது என்று தெரிந்துகொள்கிறார். தனக்கு வேண்டிய ஒரு தகவலைக்கூடப் பெறவில்லை.

அதனால் நான் வைத்துக்கொண்ட அளவுகோல் விடையின் நீளம். விடை ஓர் எண்ணாகவோ, இடமாகவோ, உண்டு இல்லை என்பதாகவோ இருந்தால் அதைத் தலைப்பிலேயே சொல்லிவிடலாம். அங்கே கேள்வி கேட்பது, கதவைத் திறந்து வைத்துவிட்டு மறுபடியும் தட்டச் சொல்வதுபோல.

வெளிநாட்டுத் தொழிலாளர் தலைப்பை மாற்றுவது எளிது. 2019 ஜனவரி 1 முதல் அவர்களுக்கும் வேலையிடப் பேரிடர்த் திட்டத்தில் பாதுகாப்பு உண்டு. "வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் 2019 முதல் பாதுகாப்பு உண்டு" என்று எழுதியதும், அந்தத் தலைப்பைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கீழே இறங்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

மருத்துவ விடுப்புத் தலைப்பில் கொஞ்சம் உழைக்க வேண்டியிருந்தது. விதி இதுதான்: விபத்து நடந்த நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவர் விடுப்புக் கொடுத்திருந்தால், தற்காலிக இயலாமை உதவித்தொகை கிடைக்கும். அளவு, சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. அந்தச் சராசரி, தொழிலாளி கையில் வாங்கிய சம்பளத்தின் நேர் சராசரி அல்ல. சம்பளத்துக்கென்று சொக்சோ வகுத்திருக்கும் படிநிலை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்புத் தொகை உண்டு, அதைவைத்துக் கணக்கிடுவது. இவ்வளவையும் தலைப்பில் ஏற்ற முடியாது. "மருத்துவ விடுப்பு 4 நாள் அல்லது அதற்கு மேல்: நாள் சம்பளத்தில் சுமார் 80 விழுக்காடு" என்று முடித்தோம். 'சுமார்' என்ற சொல்லைச் சேர்த்ததில் குழுவில் ஒருவருக்கு விருப்பமில்லை, விதியில் அது துல்லியமான 80 என்றார். விதியில் துல்லியம்தான். ஆனால் தலைப்போடு நின்றுவிடுபவர் தன் சம்பளச் சீட்டில் உள்ள தொகையைப் பெருக்கிப் பார்ப்பார், அது வரும் தொகையோடு சரியாகப் பொருந்தாது. தலைப்பை மட்டுமே படிப்பவருக்கும் பொய்யாகாத வரிதான் கூற்றுத் தலைப்பாகத் தகுதி பெறும்.

எழுவாய் விடுபட்ட கூற்று எப்படி ஏமாற்றியது

கூற்றுத் தலைப்பு எப்போதும் பாதுகாப்பானது என்று நினைத்துவிடக் கூடாது. "சொக்சோவுக்கு எப்போது தெரிவிக்க வேண்டும்?" என்ற கேள்வியைக் குழுவினர் முதல் வரைவில் இப்படி மாற்றினார்கள்: "விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும்."

எண் இருக்கிறது, தெளிவாக இருக்கிறது, ஒரு வரியில் முடிகிறது. தலைப்புகளை மட்டும் காட்டும் அதே சோதனையில், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் இதைக் காட்டினோம். அவர் படித்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு அடிபட்டு ஒரு வாரம் ஆகிவிட்டதே ஐயா. இனிமேல் போய் என்ன பயன்?" என்றார்.

அந்த 48 மணி நேரம் முதலாளிக்கு உரியது. விபத்து பற்றித் தெரியவந்ததும் அதற்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது அவர் கடமை. அதற்கான படிவத்தின் எண் 34. தொழிலாளி செய்ய வேண்டியது, நடந்ததை மண்டோரிடமோ கிராணியிடமோ சீக்கிரம் சொல்லி, மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வைப்பது. முதலாளி தாமதித்தால் அது முதலாளியின் தவறு. ஒரு வாரம் கடந்தது என்பதற்காகத் தொழிலாளியின் உரிமை அழிந்துவிடுவதில்லை.

இந்தத் தவறு தமிழின் இயல்பிலிருந்தே வருகிறது. நாம் எழுவாயை விட்டுவிட்டு எழுதலாம், வாக்கியம் முழுமையாகவே ஒலிக்கும். யார் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லாதபோது, படிப்பவர் தன்னையே அந்த இடத்தில் வைத்துக்கொள்கிறார். கேள்வியாக இருந்தபோது இந்த ஆபத்து குறைவு. விடை தெரியாததால் அவர் உள்ளே இறங்கிப் படித்திருப்பார், முதல் வாக்கியத்திலேயே முதலாளி என்ற சொல்லைப் பார்த்திருப்பார். கூற்றோ அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது, அதுவும் தவறான நம்பிக்கையோடு. தெளிவில்லாத கேள்வி வாசகருக்கு நேரத்தை மட்டும்தான் வீணாக்கும். தெளிவாக ஒலிக்கும் தவறான கூற்று அவருக்குச் சேர வேண்டிய பணத்தைப் போக்கிவிடும்.

இறுதியில் நின்றது: "முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், தாமதமானாலும் நீங்கள் கோரலாம்". நீளம்தான். கைப்பேசியில் மூன்று வரி வருகிறது. ஆனால் முதல் சொல்லே முதலாளி என்று இருப்பதால், ஓரத்தைப் பார்த்து இறங்குபவர் இது தன் வேலையல்ல என்பதைப் பிடித்துக்கொள்கிறார். 'வேண்டும்' என்று முடியும் எந்தத் தலைப்பையும் எழுதியவுடன், "யார்?" என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

கேள்வியாகவே விட்ட தலைப்பு

வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தைப் பற்றிய தலைப்பை நான் மாற்றவில்லை. முன்னால் இருந்ததை மட்டும் கொஞ்சம் சுருக்கினேன்: "வேலைக்குப் போகும் வழியில் விபத்து நடந்தால் பணம் உண்டா?"

இதற்கு ஒரே சொல்லில் விடை கிடையாது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே உள்ள வழியில் நடந்த விபத்துக்குப் பாதுகாப்பு உண்டு. அனுமதிக்கப்பட்ட சாப்பாட்டு நேரத்தில், வேலையிடத்திலிருந்து சாப்பிடும் இடத்துக்குப் போய்வரும் வழிக்கும் உண்டு. சொந்தக் காரியத்துக்காக வழியை மாற்றியிருந்தாலோ, இடையில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்திருந்தாலோ சிக்கல் வரும். மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை ஒரு வரியில் சொல்ல முயல்வது பொறுப்பற்ற செயல். 'உண்டு' என்று தலைப்பிட்டால் வழியை மாற்றிய ஒருவர் ஏமாறுவார். 'நிபந்தனைகள்' என்று பெயர்ச்சொல்லாக வைத்தால் யாரும் தொடமாட்டார்கள்.

இங்கே கேள்விக்குறி ஒரு வேலையைச் செய்கிறது. விடை உன் நிலையைப் பொறுத்தது, உள்ளே வா என்று அது சொல்கிறது. பன்னிரண்டில் பதினொன்று கேள்வியாக இல்லாததால்தான் அந்த அழைப்பு கேட்கிறது. எல்லாமே கேள்வியாக இருந்தபோது எந்தக் கேள்விக்கும் அந்தக் குரல் இல்லை.

தலைப்புக்குக் கீழே வரும் முதல் வாக்கியமும் இதே அளவு முக்கியம். பழைய பக்கத்தில் அது, "இது பலருக்கும் எழும் சந்தேகம்" என்று தொடங்கியது. நாளிதழ்களின் 'நடந்தது என்ன?' பாணி நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. கேள்வியைப் போட்டுவிட்டு விடையை இழுத்தடித்தால்தான் படிப்பார்கள் என்று கை தானாக நம்புகிறது. வழிகாட்டியில் அது சரிப்படாது. இப்போது அந்த வாக்கியம், "நேர்வழியில் போய்க்கொண்டிருந்தால் உண்டு, சொந்த வேலையாக வழியை மாற்றியிருந்தால் பெரும்பாலும் இல்லை" என்று தொடங்குகிறது.

"சொக்சோ என்றால் என்ன?" என்ற தலைப்பை என்ன செய்தோம் என்று சொல்லவே வேண்டியதில்லை. தோளில் கட்டோடு கணவர் உட்கார்ந்திருக்கும் வீட்டில் அதை யாரும் கேட்பதில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிய அந்தப் பத்தி பக்கத்தின் அடிக்குப் போனது.

தேடுபொறி கேள்விக்குறியை எண்ணுவதில்லை

குழுவினரின் இரண்டாவது நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. கேள்வி பதில் பக்கம் என்று குறியீடு சேர்த்துவிட்டால், தேடல் முடிவிலேயே அந்தக் கேள்விகள் விரியும் பட்டியலாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. முடிவுப் பக்கத்தில் கூடுதல் இடம் கிடைக்கும். அதற்காகவே உலகம் முழுவதும் தலைப்புகளைக் கேள்வியாக மாற்றினார்கள். 2023 ஆகஸ்டில் கூகுள் அந்தக் காட்சியைப் பெயர்பெற்ற அரசுத் தளங்களுக்கும் சுகாதாரத் தளங்களுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டது. ஊர்க் குழுவின் பக்கத்துக்கு அது கிடைக்காது. பக்கத்தில் இருந்த குறியீட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை, பயனும் இல்லை.

விடையை மேலே பெட்டியில் எடுத்துக் காட்டும் முறை இன்னும் இருக்கிறது. அதைக் குறியீடு போட்டுக் கேட்டுப் பெற முடியாது என்று கூகுளே சொல்கிறது. அந்தப் பெட்டிக்கு எடுக்கத் தகுந்தது, தேடிய விஷயத்தின் பெயர் தலைப்பில் இருந்து, அதற்கு நேர்கீழே தனியாக நின்றாலும் பொருள் தரும் இரண்டு மூன்று வாக்கியங்கள் இருப்பதுதான். தலைப்பு கேள்வியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. சாதாரண முடிவில் தெரிவது பக்கத்தின் முதன்மைத் தலைப்பும், தேடிய சொல்லோடு பொருந்தும் உடல் வரிகளும்தான். துணைத்தலைப்பு அங்கே சில வேளைகளில்தான் முகம் காட்டும்.

இந்தப் பக்கத்தின் தேடல் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கூகுளின் தேடல் அறிக்கையில், பக்கம் எந்தத் தேடல்களுக்குத் தென்பட்டது என்ற பட்டியலைத் திறந்து பார்த்தோம். தமிழில் முழுக் கேள்வியாகத் தட்டச்சு செய்தவர்கள் அரிது. பெரும்பாலும் துண்டுச் சொற்கள்: `socso mc claim`, `perkeso kemalangan`, `சொக்சோ விபத்து`. இதில் `mc` மருத்துவ விடுப்புச் சீட்டு, `perkeso` சொக்சோவின் மலாய்ப் பெயர், `kemalangan` விபத்து. காரணம் தெரிந்ததுதான். காயம் பட்டவர் அப்பா, தேடுபவர் மகள். மகள் கைப்பேசியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ தட்டுகிறாள், கிடைத்த பக்கத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறாள். அவள் கையில் உள்ள படிவத்தில் இருப்பது `Faedah Hilang Upaya Sementara` என்ற பெயர். நம் பக்கத்தில் அது எங்குமே இல்லை. 'தற்காலிக இயலாமை உதவித்தொகை' என்ற அழகான தமிழ்ப் பெயர் இருந்தது. அதை யாரும் தேடுவதில்லை.

தலைப்பைத் தமிழிலேயே வைத்துக்கொண்டு, அதன் கீழே முதல் வாக்கியத்தில் படிவத்தின் மலாய்ப் பெயரை அது அச்சான எழுத்திலேயே சேர்த்தோம். தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதினால், ரோமன் எழுத்தில் தேடுபவரின் சொல்லோடு அது நேராகப் பொருந்தாது. கேள்வியைக் கூற்றாக மாற்றியதைவிடத் தேடலில் அதிக வேறுபாட்டைக் காட்டியது இந்த ஒரு சேர்க்கைதான். பக்கம் முன்பு தலைகாட்டாத தேடல்களில் தென்படத் தொடங்கியது.

எண்களை இங்கே தரவில்லை, தருவதில் பொருளும் இல்லை. ஓர் ஊரின் பக்கத்துக்கு வரும் தேடல்கள் சொற்பம். மிகச் சிலரே தேடிய சொற்களைக் கூகுள் தனியுரிமைக்காக அறிக்கையில் காட்டாமல் விடுகிறது, ஆகவே பட்டியல் ஒருபோதும் முழுமையாக இராது. கைவிரலில் எண்ணக்கூடிய சொடுக்குகள் கூடியதையோ குறைந்ததையோ வைத்துக் கேள்வித் தலைப்பு வென்றது, தோற்றது என்று யாராவது வரைபடம் காட்டினால் நம்ப வேண்டாம். சிறிய பக்கத்தில் நம்பத்தக்கது ஒன்றுதான்: எந்தப் புதிய சொற்களுக்குப் பக்கம் தென்படத் தொடங்கியது என்பது.

குழுவில் ஒருவருக்கு வேறு கவலை இருந்தது. விடையைத் தலைப்பிலும் முதல் வாக்கியத்திலும் வைத்துவிட்டால், தேடல் முடிவிலேயே அதைப் படித்துவிட்டுப் பக்கத்துக்கு வராமல் போய்விடுவார்களே என்றார். போகட்டும். விளம்பரம் விற்கும் தளத்துக்கு அது நட்டம். நான்கு நாள் விடுப்பு இருந்தால் பணம் உண்டு என்று முடிவுப் பக்கத்திலேயே தெரிந்துகொண்ட குடும்பம் நேராகச் சொக்சோ அலுவலகத்துக்குப் போனால், இந்தக் குழு எதற்காகத் தொடங்கியதோ அது நடந்துவிட்டது.

தலைப்பை மாற்றினால் அறுந்துபோகும் இணைப்பு

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பல தள மென்பொருள்கள் துணைத்தலைப்பின் எழுத்தையே எடுத்து, அந்தப் பகுதிக்கான அடையாளமாக முகவரியின் கடைசியில் ஒட்டிவிடும். பகுதிக்கு நேராகக் கொண்டுபோகும் இணைப்பு அப்படித்தான் உருவாகிறது. தலைப்பைக் கேள்வியிலிருந்து கூற்றாக மாற்றிய அன்றே அடையாளமும் மாறிவிடும். பழைய இணைப்பைத் தொட்டால் பக்கம் திறக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது, ஆனால் வேண்டிய பகுதிக்குப் போகாமல் உச்சியிலேயே நிற்கும். பிழை தெரியாததால் யாரும் புகார் சொல்லமாட்டார்கள். இந்தக் குழுவின் இணைப்புகள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் பகுதிவாரியாகப் பரவியிருந்தன. அவை எல்லாமே இப்படி உச்சியில் போய் நின்றன.

தமிழ்த் தலைப்புக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே போகாது, ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்து நீளமுள்ள குறியீடாக மாறும். 'சொக்சோ' என்ற ஒரு சொல் மட்டும் 54 எழுத்தாக நீளும்:

```
%E0%AE%9A%E0%AF%8A%E0%AE%95%E0%AF%8D%E0%AE%9A%E0%AF%8B
```

ஐந்து சொல் தலைப்பு வாட்ஸ்அப்பில் ஒரு சுவராக வந்து விழும். பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று நினைத்து அழித்துவிடுவார். நினைப்பதில் தவறும் இல்லை.

ஆகவே அடையாளத்தைத் தலைப்பிலிருந்து பிரித்துவிட்டோம். சின்ன ரோமன் எழுத்தில் கையால் எழுதி, தலைப்பு எத்தனை முறை மாறினாலும் இது மாறக் கூடாது என்று முடிவு செய்தோம்:

```html
<h2 id="mc">மருத்துவ விடுப்பு 4 நாள் அல்லது அதற்கு மேல்:
நாள் சம்பளத்தில் சுமார் 80 விழுக்காடு</h2>
```

பழைய இணைப்புகளுக்காக, முன்பிருந்த நீண்ட அடையாளங்களை ஒவ்வொரு தலைப்புக்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத வெற்று நங்கூரமாக வைத்தோம். பக்கத்தின் மேலே, எல்லாப் பகுதிகளுக்கும் இணைப்புள்ள சிறு பொருளடக்கம் ஒன்றையும் சேர்த்தோம். நீண்ட பக்கத்தில் இப்படிப் பெயரிட்ட பகுதிகளும் பொருளடக்கமும் இருந்தால், கூகுள் சில வேளைகளில் முடிவுக்குக் கீழே நேராக ஒரு பகுதிக்குப் போகும் இணைப்பைக் காட்டும். அப்படிக் காட்டும்போது துணைத்தலைப்பின் எழுத்து தேடல் பக்கத்திலேயே படிக்கக் கிடைக்கிறது. அங்கே இடம் மிகக் குறுகியது, வால் வெட்டுப்படும். 'முதலாளி 48 மணி நேரத்துக்குள்' என்பது வரை தெரிந்தாலும் பொருள் நிற்கிறது. பழைய தலைப்பு வெட்டுப்பட்டிருந்தால் 'சொக்சோவுக்கு எப்போது' என்று நின்றிருக்கும்.

திருத்திய தலைப்புகளை அதே சாப்பாட்டுக் கடையில், முன்பு பார்க்காத வேறு சிலரிடம் காட்டினோம். முதல் முறை பார்த்தவர்களிடமே மறுபடியும் காட்டினால் பழக்கம் உதவிவிடும், சோதனை கெட்டுவிடும். மருத்துவ விடுப்பு நிலைமையைச் சொன்னதும் பெரும்பாலோர் தேடாமல் சரியான தலைப்பைத் தொட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் எதையும் தொடவில்லை. "80 விழுக்காடு என்றுதான் எழுதியிருக்கிறதே, அப்புறம் எதற்குத் தொடுவது?" என்று கேட்டுவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டார்.

வழி விபத்துத் தலைப்பைப் பற்றிக் குழுவில் இன்னும் ஒரே கருத்து ஏற்படவில்லை. அதையும் இரண்டாகப் பிரித்து, 'நேர்வழி: பாதுகாப்பு உண்டு', 'வழி மாறினால்: அலுவலகத்தில் கேளுங்கள்' என்று கூற்றாக்கலாம் என்கிறார் ஒருவர். நேர்வழி எது என்பதில்தான் வழக்கே என்பதால், நான் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை.